உள்ளே இருந்த சாவி

பெரிய பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பரிசுகள் வர ஆரம்பித்துவிட்டன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வாங்குவது என்பது லேசான காரியமில்லை. பொம்மை வாங்கினால் முகம் சுருங்கும், பெரியவர்கள் சாமான் வாங்கினால் அம்மா முகம் சுருங்கும். பெரியம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. இறக்கை முளைத்த குதிரை படம் போட்ட ரோஸ் கலர் பை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "பிள்ளைக்குக் குதிரைன்னா உயிராச்சே" என்றாள். குதிரை மேல் உயிராக இருந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். பிள்ளை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் மேயவிட்டுவிட்டாள்.

பிள்ளைக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர். ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. அந்தப் பெயரை வைத்தவர் அவள் அப்பா. முக்கு ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பெட்டிக்கடை அளவு இடத்தில் சாவி வெட்டி, பூட்டு பழுதுபார்த்துப் பிழைப்பவர். எல்லோரும் பூட்டுக்காரர் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கே தன் சொந்தப் பெயர் யாரோ ஒருவர் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து மாமா வந்தார், கையில் ஒரு கைக்கடிகாரத்தோடு. அது சும்மா மணி காட்டும் கடிகாரமில்லை. உள்ளே சிம் போட வேண்டும். பிள்ளை எந்தத் தெருவில் நிற்கிறாள் என்று அம்மாவின் போனில் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தால், பிள்ளை வட்டத்தைத் தாண்டியதும் போன் அலறும். மாமா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அம்மாவின் கண் விரிந்துகொண்டே போனது. குண்டூசி பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். பிள்ளைக்குத் தெரியாமலே சுற்றி நடக்கும் பேச்சைப் பெற்றோர் கேட்கலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள்.

"மாமா, இது எனக்கு வாங்கினதா, இவங்களுக்கு வாங்கினதா?"

மாமா சிரித்து மழுப்பினார். பூட்டுக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. 'எவ்வளவு சரியான கேள்வி! யார் பெற்ற பிள்ளை!' என்று மார்தட்டிக்கொண்டார். அந்தக் கேள்வி சுற்றிக்கொண்டு வந்து தன் கன்னத்திலேயே அறையும் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

கடிகாரம் திரும்பக் கடைக்கே போனது. அதற்குப் பதில் ஒரு பட்டன் போன் வந்தது. பேசலாம், செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். ஒன்றை அழுத்திப் பிடித்தால் அம்மா, இரண்டு அப்பா, மூன்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா. அம்மா தன் பங்குக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினாள். நாளையிலிருந்து உன்னை நான் எழுப்பமாட்டேன், அதுதான் என் பரிசு, கடிகாரம் சும்மா துணைக்கு என்று சொல்லிக் கொடுத்தாள். ஒத்திகை பார்த்த நாட்களில் ஒரு நாள் குண்டூசி அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை முக்கால் மணி நேரம் கழித்து அலறி அடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அலாரம் கட்டில் பக்கத்திலிருந்து அறையின் மறுகோடிக்கு இடம் மாறியது. இடம் மாற்றியவள் குண்டூசியேதான்.

அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டுச் சாவி. அம்மா ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், வீடு திரும்ப ஆறு மணி ஆகும். சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவரை சாயந்திரம் அப்பாவே போய் அழைத்து வந்து கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார். இனிமேல் அந்த ஸ்டூல் வேண்டாம் என்றாள் பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து தானே நடந்து வந்து, தானே கதவைத் திறந்து, தானே இருந்துகொள்வாளாம்.

சாவிக்காரரிடம் சாவி கேட்டால் இல்லை என்றா சொல்ல முடியும்? அன்றைக்கே கடையில் உட்கார்ந்து வெட்டினார். ஆயிரக்கணக்கில் வெட்டிய கை. இருந்தும் இந்த ஒன்றுக்குப் பல் வெட்டாத வெற்றுச்சாவி மூன்று வீணாயிற்று. வெட்டி முடித்துப் பிசிறு போகத் தேய்த்து, பிள்ளை விரலில் குத்திவிடக் கூடாது என்று ஓரமெல்லாம் மழுக்கினார். வளையத்தில் பெயர், விலாசம் எதுவும் கூடாது, தொலைந்தால் எடுத்தவனுக்கு நாமே வழி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார். சுருள் கயிறு ஒன்றில் சாவியைக் கோத்து, பையின் உள்பக்க வளையத்தில் மாட்டிவிட்டார். இழுத்தால் கதவு வரை நீளும், விட்டால் பைக்குள் போய்விடும், கழற்றவே வேண்டாம். ஒரு உபரிச் சாவி தையல்காரம்மா வீட்டு நூல் டப்பாவுக்குள் போனது.

பிறகு பாடம் ஆரம்பித்தது. இருபது தடவை பூட்டி, இருபது தடவை திறக்க வைத்தார். சாவியை முழுசாக உள்ளே தள்ளிய பிறகுதான் திருப்ப வேண்டும், பாதியில் திருப்பினால் சாவி முறியும். திறக்கும் முன்னால் படிக்கட்டில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். உள்ளே போனதும் பூட்டிவிட்டுச் சாவியை உருவிப் பைக்குள் விட வேண்டும், பூட்டிலேயே விடக் கூடாது.

"ஏன்னு சொல்லு பார்ப்போம்."

"உள்பக்கம் சாவி இருந்தா வெளிப்பக்கச் சாவி முழுசா போகாது. கடைசியில ஒரு அரிசி அளவு வெளியவே நிக்கும்."

"அப்படி நின்னா என்ன அர்த்தம்?"

"உள்ள யாரோ இருக்காங்கன்னு அர்த்தம். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. சத்தம் போடாம கீழ போய் உங்களுக்குப் போன் பண்ணணும்."

இதைவிடச் சரியாகக் கடைக்கு வரும் பெரியவர்கள்கூடச் சொன்னதில்லை. அவரும் வாக்குக் கொடுத்தார். சாயந்திரம் கடையை விட்டு நகரமாட்டேன், பின்னாலேயே வரமாட்டேன், போன் செய்து தொல்லை பண்ணமாட்டேன். வீட்டுக்குள் வந்ததும் 'வந்துட்டேன்' என்று ஒரே ஒரு செய்தி அனுப்புவாள், அது போதும். மகள் கையை நீட்டினாள், அப்பா அடித்துச் சத்தியம் செய்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அலாரம் அடித்தது, பிள்ளை எழுந்தாள், தெருமுனையில் திரும்பிக் கையை அசைத்துவிட்டுப் போனாள். பூட்டுக்காரர் கடையைத் திறந்தார். மத்தியானம் வரை தாக்குப்பிடித்தார். இரண்டு மணிக்கு மேல் கை தன்னால் கடிகாரத்தைத் தொட ஆரம்பித்தது. ஒருவர் அலமாரிச் சாவிக்கு நகல் கேட்க, அவர் வண்டிக்கான வெற்றுச்சாவியை எடுத்து இயந்திரத்தில் பூட்டினார். வழி தவறிவிடுவாளோ, வண்டி எதுவும் இடித்துவிடுமோ என்ற பயமெல்லாம் அவருக்கு அவ்வளவாக இல்லை. அவள் கதவைத் திறக்கிறாள், உள்ளே கூடம் காலியாக இருக்கிறது, 'வந்துட்டியாம்மா' என்று கேட்க ஒரு ஆள் இல்லை. இந்தக் காட்சிதான் திரும்பத் திரும்பக் கண் முன்னால் வந்தது.

இரண்டே முக்காலுக்கு 'இதோ வருகிறேன்' என்ற அட்டையை ஷட்டரில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடம் விடுவது மூன்றே காலுக்கு, அவள் நடந்து வர இருபது நிமிஷம். முன்னாடியே போய்ப் படுக்கை அறையில் ஓசைப்படாமல் உட்கார்ந்துகொள்வது, அவள் திறந்துகொண்டு வரும் சத்தத்தைக் காதால் கேட்பது, அவ்வளவுதான் திட்டம். கேட்ட பிறகு அவள் கண்ணில் படாமல் எப்படி வெளியே போவது? அதையெல்லாம் யோசிக்கிற அளவுக்குப் புத்தி வேலை செய்திருந்தால் மனுஷன் கடையிலேயே இருந்திருப்பார்.

படியேறும்போது தையல்காரம்மா வீட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நல்லவேளை, அவள் பார்க்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனார். செருப்பு வெளியே கிடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில், குதிரைப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். எவ்வளவு சாமர்த்தியம்! கதவையும் பூட்டினார். பதினெட்டு வருஷப் பழக்கம், பூட்டிய சாவியை அப்படியே பூட்டில் விட்டார். ஊருக்கெல்லாம் 'சாவியை உருவுங்க, சாவியை உருவுங்க' என்று உபதேசம் செய்கிற வாய் அவருடையது. கைக்கும் வாய்க்கும் என்றைக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

மூன்று நாற்பதுக்குக் காலடி கேட்டது. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை, இரண்டு படிக்கு ஒரு எட்டு. கதவுக்கு வெளியே நின்றது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஜிப் திறக்கும் சத்தம், சுருள் கயிறு நீளும் சத்தம். படுக்கை அறையில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சாவி உள்ளே வழுக்கிக்கொண்டு வந்து டக்கென்று நின்றது.

திருப்பும் சத்தம் வரவில்லை. சாவி வெளியே போய் மறுபடி வந்தது. மறுபடி டக். அந்த இரண்டாவது சத்தத்தில்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. கூடத்துக்கு எட்டிப் பார்த்தார். அவருடைய சாவி பூட்டில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது, துள்ளவும் முடியாது என்பார்கள். சொந்த வீட்டிலேயே அந்த நிலைமைக்கு ஆளான முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். கால் விரலை ஊன்றி ஊன்றி நடந்து கதவருகே போனார். சாவியை உருவலாம், ஆனால் உருவும் சத்தம் பூட்டுக்காரர் மகளுக்குத் தெரியாதா? கையைக் கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கதவின் பார்வைத்துளை வழியாகப் பார்த்தார். யாருமில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. அதன் வாயைப் பொத்துவது போல இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு படுக்கை அறைக்கு ஓடினார்.

"அப்பா, நான் தையல் அத்தை வீட்டுல இருக்கேன்," என்றாள் குண்டூசி. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. சாவி அரிசி அளவு வெளிய நிக்குது. ரெண்டு தடவை பார்த்தேன். தட்டல, கூப்பிடல. அத்தை போலீசுக்குச் சொல்லணும்கிறாங்க. முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு நீங்க சொன்னதால பண்ணினேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக் கொடுத்ததில் ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறாள். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையைத்தானா நம்பாமல் ஓடி வந்தோம்?

தப்பிக்க வழியும் இருந்தது, அதுவும் சுலபமான வழி. 'புதுச் சாவிம்மா, கொஞ்சம் பிசிறு இருக்கும், மறுபடி போட்டுப் பாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் சாவியை உருவிவிட்டு, பின்பக்கத்துப் பால்கனியில் துணிகளுக்கு நடுவே நின்றுகொள்ளலாம். அவள் வருவாள், கதவு திறக்கும், சந்தோஷப்படுவாள். வாக்குத் தவறினார் என்ற பேச்சே வராது. வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

அப்போதுதான் இன்னொரு நாளின் நினைப்பு வந்தது. நிஜமாகவே எவனோ ஒருத்தன் உள்ளே இருக்கும் ஒரு நாள். சாவி அரிசி அளவு வெளியே நிற்கிறது. 'பிசிறா இருக்கும், அப்பா சொல்லியிருக்காரே' என்று இவள் மறுபடி மறுபடி குத்திக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். நுனி நாக்கு வரை வந்த வார்த்தையை விழுங்கினார்.

"நீ பண்ணினது அத்தனையும் சரிம்மா," என்றார். "உள்ள ஆள் இருக்கு. நான்தான் இருக்கேன்."

பின்னணியில் தையல்காரம்மா 'என்னவாம், என்னவாம்' என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"சாவியை எடுங்க," என்றாள் மகள் கடைசியில். "கதவைத் திறக்காதீங்க. நான் திறந்துக்கறேன்."

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூண்டில் ஏறிய கைதிகூட அவரைவிட நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். காலடி வந்தது, இந்தத் தடவை ஒவ்வொரு படியாக. சாவி முழுசாக உள்ளே போனது. இரண்டு சுற்று. கதவு திறந்தது. குண்டூசி ஷூவைக் கழற்றி வைத்து, கதவைப் பூட்டி, சாவியை உருவிப் பைக்குள் விட்டு, பையை இறக்கிய பிறகுதான் அவரைப் பார்த்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நான் வழி தெரியாம போயிடுவேன்னு நினைச்சீங்களா?"

"இல்லம்மா."

"கதவைத் திறக்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"அதுவும் இல்ல." அவர் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருமே இல்லாத வீட்டுக்குள்ள நீ தனியா வர்றதை என்னால தாங்க முடியலடா. நீ சின்னதா இருந்தப்ப, தூங்கி எழுந்து யாரையும் காணலைன்னா எப்படி அழுவே தெரியுமா? அதுதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு."

"எனக்கு அதுதாம்ப்பா வேணும்," என்றாள் அவள். இப்போது குரல் நடுங்கியது. "நான் சாவியா கேட்டேன்? சாவி உங்க கடை முழுக்கத் தொங்குது. யாருமே இல்லாத வீட்டைத்தான் கேட்டேன். நானே வந்து, நானே லைட் போட்டு, உங்களுக்கு வந்துட்டேன்னு சொல்லணும்னு நினைச்சேன். காலையிலிருந்து அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அதுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டீங்க."

மாமாவின் கடிகாரமும் ஒன்பதாம் பக்கமும் அவருக்கு நினைவுக்கு வந்தன. இது யாருக்கு வாங்கினது? மூன்று வெற்றுச்சாவி வீணாக்கி, ஓரம் மழுக்கி, கயிறு கோத்து அவர் கொடுத்த பரிசையும் கடைசியில் தனக்கே வைத்துக்கொண்டுவிட்டார். தப்பு என்றால் தப்புதான், அதற்கு மேல் பூசி மெழுக ஒன்றுமில்லை. அதை அப்படியே சொன்னார். மன்னிச்சுக்கோ என்று வாய் திறந்து சொன்னார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்த குண்டூசிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபம் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

அவர் வாசலைத் தாண்டினார். கதவு சாத்தப்பட்டது, பூட்டப்பட்டது, சாவி உருவப்பட்டது. மூன்று சத்தத்தையும் நின்று கேட்டுவிட்டு இறங்கினார். தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு வாசலில் நின்று, இந்த வருஷம் யார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, மகளா அப்பாவா என்று கேட்டாள். அவர் நடையை எட்டிப் போட்டார். தெருமுனைக்குப் போவதற்குள் போனில் செய்தி வந்தது. 'வந்துட்டேன்' என்று மட்டும் இருந்தது. அதை அவர் கடை போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை படித்தார்.

ஆறே காலுக்கு மனைவியும் அவரும் ஒன்றாகவே படியேறினார்கள். வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அவள் சிரித்த சிரிப்பு இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். பிறகு, தானும் மூன்றரை மணியிலிருந்து ஒரே ரத்த மாதிரிக் குப்பியின் எண்ணை மூன்று தடவை சரிபார்த்ததாக ஒப்புக்கொண்டாள். அழைப்பு மணியை அழுத்தினார்கள். உள்ளேயிருந்து யாரென்று கேட்ட பிறகுதான் கதவு திறந்தது.

பூட்டுக்காரர் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. கதவுக்கான புது உருளைப் பூட்டு, உள்ளே சாவி மாட்டியிருந்தாலும் வெளிச்சாவி திறக்கிற வகை. கண்டவர் வீட்டுக்கெல்லாம் இதைச் சிபாரிசு செய்து மாட்டிக் கொடுத்தவர், தன் வீட்டில் பதினெட்டு வருஷமாகப் பழசையே ஓட்டிக்கொண்டிருந்தார். வைத்தியர் வீட்டு இருமலை யார் கவனிக்கிறார்கள்?

திருப்புளியை மகளிடம் நீட்டினார். கதவின் விளிம்பில் இருக்கும் ஒரே நீளத் திருகாணியை அவளே கழற்றினாள். சாவியைக் கொஞ்சம் திருப்ப, பிதுங்கி நிற்கும் நாக்கு உருளையோடு ஒட்டியதும் பழைய பூட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதா என்றாள். புதுசைச் செருகித் திருகாணியை முறுக்கினாள். அவர் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்கு ஓடிவிடாமல் இருக்க, ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூட்டோடு வந்த சாவிகள் ஒட்டிய உறைக்குள் பிரிக்காமல் இருந்தன. வாங்கியவர் கையில் மட்டும்தான் அதைப் பிரிக்கக் கொடுக்க வேண்டும் என்பது தொழில் முறை. நடுவில் யாரும் நகல் எடுக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. உறையை அவர் மகளிடம் கொடுத்தார்.

குண்டூசி கத்தரிக்கோலால் வெட்டினாள். ஐந்து சாவிகள். ஒன்றைச் சுருள் கயிற்றில் தானே கோத்தாள். ஒன்று அம்மாவுக்கு. ஒன்றைத் தையல் அத்தைக்கு என்று தனியே வைத்தாள், ஒன்றை அலமாரியில் போட்டாள். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாயந்திரம் ஆறு வரைக்கும் இது உங்க பையிலதான் இருக்கணும்," என்றாள். "ஆறுக்கு அப்புறம் எப்ப வேணும்னாலும் வரலாம்."

"சரிம்மா."

"வெளிய போய் ஒரு தடவை திறந்து பாருங்க. முழுசா தள்ளினப்புறம்தான் திருப்பணும்."

அவர் வெளியே போனார். மகள் கதவைப் பூட்டி, வேண்டுமென்றே அம்மாவின் சாவியை உள்பக்கம் பூட்டிலேயே விட்டாள். பூட்டுக்காரர் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சாவியை உள்ளே தள்ளினார், அரிசி அளவுகூட நிற்காமல் முழுசாகப் போனது. திருப்பினார், கதவு திறந்தது. கூடத்தில் லைட் எரிந்தது, குண்டூசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வந்துட்டேம்மா," என்றார் அவர்.